முதியவர்களுக்கான படிவ உதவி மேசை: எங்கே சிக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கீற்றுநிழல்

நாங்கள் நான்கு பேர். வாரம் ஒரு காலை நூலகத்தில் ஓர் அறை தருகிறார்கள். இரண்டு மடிக்கணினி, அச்சும் ஸ்கேனும் சேர்ந்த ஓர் இயந்திரம், இணைய இணைப்பு எல்லாம் தயார். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஓய்வூதியம், அடையாள அட்டைத் திருத்தம், உதவித்தொகை போன்றவற்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணம். ஒருவர் கேட்டுச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்தால் ஆளுக்கு இருபது நிமிடத்தில் முடியும் என்று நினைக்கிறோம். எந்தத் திட்டத்துக்கு எந்தத் தளம் என்று ஒரு பட்டியலும் தயாரித்து வருகிறோம்.

இதுபோல மேசை நடத்தியவர்கள், அல்லது விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பக்கம் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே சிக்கும் என்று சொல்லுங்கள். தொடங்கிய பிறகு தடுமாற விருப்பமில்லை.

மின்மினி

நல்ல வேலை. ஒரு யோசனை. பெரியவர்களிடம் பெரும்பாலும் சாதாரண போன்தான் இருக்கும், அதையும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஓடிபி வரும்போது பேரனுக்கு போன் போட்டுக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் மேசைக்கு என்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல் வாங்கி, எல்லா விண்ணப்பத்திலும் அதையே கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லும் ஒரே மாதிரி வைத்தால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வேலை மூன்று மடங்கு வேகமாகும்.

பழைய எழுத்தர்

மின்மினி சொல்வதில் பாதி சரி. ஓடிபிதான் மேசையின் முதல் தடை. அதற்கான மருந்து அதுவல்ல.

விண்ணப்பத்தில் நீங்கள் கொடுக்கும் எண் ஓடிபிக்கு மட்டும் இல்லை. "இந்த ஆவணம் போதவில்லை, இத்தனை நாளுக்குள் பதில் தரவும்" என்ற செய்தியும் அதே எண்ணுக்குத்தான் வரும். மேசை சிம்முக்கு ஒரே நாளில் பத்துச் செய்தி வந்தால், எது எந்தப் பாட்டிக்கு என்று தெரியாது, ஏனென்றால் அவற்றில் பல விண்ணப்ப எண்ணோடு மட்டும் வரும், பெயர் இருக்காது. அப்புறம், சிம் வைத்திருந்தவர் வேறு ஊருக்குப் போனார், யாரும் பணம் கட்டவில்லை, எண் முடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடங்கிய எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். கடவுச்சொல் மாற்ற அந்த எண் ஒன்று போதும் என்றால், ஊர் பேர் தெரியாத ஒருவர் கையில் அத்தனை பேர் கணக்கும் போய்ச் சேரும். ஒரே எண்ணில் இத்தனை விண்ணப்பம்தான் என்று வரம்பு வைத்திருக்கும் தளங்களும் உண்டு. நடுவழியில் நிற்பீர்கள்.

நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். முதல் முறை வரும்போது எந்த விண்ணப்பமும் போடாதீர்கள். அவர் போன் எது, அந்த எண் அவர் பெயரிலா, சார்ஜ் இருக்கிறதா, குறுஞ்செய்தி திறக்கிறதா என்று பார்த்து, நீங்களே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அவர் கண் முன்னால் படித்துக் காட்டுங்கள். செய்திப் பெட்டி நிரம்பிப் போய் புதிது எதுவும் வராத பழைய போன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் காலி செய்து கொடுத்தாலே பாதி ஓடிபிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மின்மினி

சரி, போனே இல்லாதவருக்கு?

பழைய எழுத்தர்

அது உண்மையான கேள்வி, எனக்கும் முழுத் திருப்தியான பதில் இல்லை. கூட இருக்கும் மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று அவரே காட்டும் ஒருவரின் எண்ணைக் கொடுக்கிறோம். ஆனால் அந்த ஆள் மேசைக்கு நேரில் வரவேண்டும், அவர் பெயரும் உறவும் எங்கள் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று நிபந்தனை. தபாலில் பதில் அனுப்பும் வசதி இருக்கும் அலுவலகம் என்றால், காகித விண்ணப்பமே மேல்.

வெண்மணல்

எதுக்கு இவ்வளவு? எங்கள் பக்கம் ஏற்கெனவே நாலு தரகர்கள் கடை போட்டு இருக்கிறார்கள். பணம் வாங்கினாலும் வேலை நடக்கிறது. நீங்கள் இலவசமாகச் செய்யப் போய், ஒரு தப்புத் தகவல் ஏறி, உதவித்தொகை நின்றால் உங்களைத்தானே பிடிப்பார்கள்? யார் கையெழுத்து போடுவது? இதை யாராவது யோசித்தீர்களா?

கீற்றுநிழல்

யோசித்தோம், ஆனால் தீர்வு இல்லை. எழுத்தர் அய்யா, கைநாட்டு வைப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள்?

பழைய எழுத்தர்

வெண்மணல் கேட்டது நியாயமான கேள்விதான். திரையைப் பெரியவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். முடித்ததும் "சமர்ப்பி" பொத்தானை அழுத்தும் முன், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து "சரியா?" என்று கேட்பேன். வருமானம், வேறு ஓய்வூதியம் உண்டா, சொத்து உண்டா என்ற மூன்று இடத்திலும் பதிலை அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும். "இல்லைன்னு போட்டுருங்க தம்பி" என்று சொல்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்கவேண்டும், ஏனென்றால் அந்த "இல்லை"தான் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதமாக வரும்.

கைநாட்டு எப்போதும் நிரப்பி முடித்த தாளில்தான். வெற்றுத் தாளில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் தரகர்களிடம் உண்டு, மேசையில் அது நுழையவே கூடாது. படிவத்தில் சாட்சிக்கு இடம் இருந்தால், தட்டச்சு செய்தவர் அல்லாத வேறொருவர் சாட்சி போடட்டும். "நிரப்ப உதவியவர்" என்று கட்டம் இருந்தால் உங்கள் பெயரை எழுதத் தயங்காதீர்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

ஓய்வுநாள்

மன்னிக்கவும், இது சரியான இடமா தெரியவில்லை. என் அம்மாவுக்குக் கொஞ்ச மாதமாக ஓய்வூதியம் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் வங்கிக்குப் போ என்கிறார்கள், வங்கியில் கேட்டால் அலுவலகம் போ என்கிறார்கள். அடையாள எண், கணக்கு எண் இங்கே போட்டால் யாராவது பார்த்துச் சொல்வீர்களா?

கீற்றுநிழல்

அய்யோ, இங்கே எந்த எண்ணையும் போடாதீர்கள். எல்லாரும் படிக்கும் இடம்.

பழைய எழுத்தர்

ஓய்வுநாள், எண் வேண்டாம், ஆனால் கேள்வி இந்த இழைக்குப் பொருத்தமானதே. மேசைக்கு வருபவர்களில் புது விண்ணப்பத்தைவிட "வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது" என்பவர்கள்தான் கூட்டமாக வருவார்கள்.

முதலில் வங்கியிடம் அச்சடித்த கணக்கு விவரம் வாங்குங்கள், கடைசியாகப் பணம் வந்த மாதத்திலிருந்து இன்றுவரை. அதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் வந்து திரும்பிப் போயிருக்கிறதா, அல்லது வரவே இல்லையா? திரும்பிப் போயிருந்தால் கோளாறு கணக்குப் பக்கம். நீண்ட நாள் பரிவர்த்தனை இல்லாமல் கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், வங்கிகள் இணைந்து கிளைக் குறியீடு மாறியிருக்கலாம், அடையாள விவரம் புதுப்பிக்காமல் இருக்கலாம். வரவே இல்லை என்றால் அனுப்பும் அலுவலகம்தான் நிறுத்தியிருக்கிறது. அதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்று. அம்மா இந்த முறை கொடுத்தார்களா?

ஓய்வுநாள்

போன வருடம் கொடுத்தோம். இந்த வருடம் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய எழுத்தர்

பெரும்பாலும் அதுதான். இருந்தாலும் வங்கி விவரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாற்று

கைரேகைக்கு ஒரு வார்த்தை. நான் பதிவு மையத்தில் வேலை பார்த்தவள். வயலிலும் கட்டட வேலையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், வயதானால் தோலும் காய்ந்துவிடும். வந்ததும் உட்கார வைத்து, வெதுவெதுப்பான நீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, மிகக் கொஞ்சம் எண்ணெயோ கிரீமோ தடவி, அதையும் துடைத்துவிட்டு எடுங்கள். ஈரக் கையோடு வைத்தால் கறுப்புத் திட்டாகத்தான் விழும். கட்டைவிரலிலேயே திரும்பத் திரும்ப முயலாதீர்கள், மோதிர விரலில் ரேகை நன்றாக இருப்பவர்கள் உண்டு. கருவியின் கண்ணாடியையும் ஒருமுறை துடையுங்கள், முன்னால் வந்தவரின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் இருக்கும்.

அப்படியும் விழவில்லை என்றால் "விழவில்லை, போங்கள்" என்பது பதில் ஆகாது. கண் பதிவு, ஓடிபி, அலுவலர் நேரில் பார்த்துக் கையொப்பமிடும் தாள் என்று மாற்று வழி ஏதாவது உண்டா என்று அம்மா தரப்பில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

கீற்றுநிழல்

இது எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை, நன்றி. எழுத்தர் அய்யா, "முதல் முறை வரும்போது விண்ணப்பம் போடாதீர்கள்" என்றீர்களே, போன் பார்ப்பதற்கு மட்டுமா? அவ்வளவு தூரம் வந்தவரை வெறும் கையோடு எப்படி அனுப்புவது?

பழைய எழுத்தர்

பெரிய காரணம் பெயர். ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் ஓய்வூதியக்காரர், இறந்துவிட்டார். மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருகிறார். பையில் எல்லாக் காகிதமும் இருக்கிறது. பார்த்தால் குறைவே இல்லாத விண்ணப்பம். மேசையில் நாங்கள் செய்வது, ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு ஆவணத்திலும் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவது. அவருக்கு இப்படி வந்தது:

```
மனைவி
அடையாள அட்டை      Mariyammal
வங்கிப் புத்தகம்     K Mariammal
கணவரின் கோப்பு     Mariammal

கணவர்
ஓய்வூதியக் கோப்பு   Karuppaiah
இறப்புச் சான்று      Karuppiah
```

மனிதருக்கு இதில் ஒன்றுமில்லை. கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள். கோப்பைப் பரிசீலிப்பவர் நல்லவராகவே இருந்தாலும், "இறந்தது இவர்தான் என்பதற்கு ஆதாரம் தேவை" என்று எழுதித் திருப்புவார், ஏனென்றால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பினால் ஆண்டு போய்விடும். எது முக்கியம் என்று பிரிக்கவேண்டும். இதில் கனமானது கணவர் பெயரில் விழுந்த அந்த ஒரு எழுத்து. மற்ற எல்லாமே அவர் இறந்தார் என்பதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஓய்வூதியக் கோப்பின் நகலை ஆதாரமாக வைத்து, இறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் சான்றைத் திருத்த மனு கொடுத்தோம். இரண்டாவது வங்கி. பணம் போய்ச் சேரும் இடம் என்பதால் அங்கே பெயர் அடையாள அட்டைப்படி இருக்கவேண்டும். அட்டையைக் காட்டி மாற்றிக்கொண்டார், அது சுலபமாக முடிந்தது. மூன்றாவதாக, கோப்பில் மனைவி பெயரில் `y` இல்லாதது. அதைத் தொடவில்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று அலுவலகமே சொன்னது.

தட்டச்சுக்கு உட்கார்ந்தபோது இன்னொரு சிக்கல். படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு தொண்டர் கணவர் பெயரைப் போடுவார், ஒருவர் தலைப்பெழுத்தைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார். ஆளுக்கொன்று செய்தால் நாலாவது பெயர் ஒன்று பிறந்துவிடும். அந்தத் தளத்தின் வழிகாட்டிக் குறிப்பில் ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடுங்கள். இல்லையென்றால் அலுவலகத்தைக் கேட்டு, பதிலை மேசைச் சுவரில் ஒட்டிவையுங்கள். உச்சரிப்புக்கு ஏற்றபடி நீங்களாக எழுத்தைத் திருத்தாதீர்கள், அட்டையில் தப்பாக இருந்தால் தப்பாகவே ஏறட்டும்.

ஆக, முதல் வருகையில் அவர் வெறும் கையோடு போகமாட்டார். எந்த அலுவலகத்துக்கு முதலில், எந்தக் காகிதத்தோடு என்று எழுதிய ஒரு சீட்டோடு போவார்.

வெண்மணல்

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சில உதவித்தொகைகள் விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் கணக்கு. நீங்கள் பெயர் திருத்திக்கொண்டிருக்கும் மாதங்களுக்கான பணம் போச்சு. என் சித்தப்பாவுக்கு நடந்தது.

பழைய எழுத்தர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். தேதி முக்கியம் என்றால் இருப்பதை வைத்து உடனே போட்டு, ஒப்புகை வாங்கிவிட்டு, திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு கடிதம் இணைக்கிறோம். ஆனால் நிராகரித்தால் கொஞ்ச காலம் மறுபடி போட முடியாது என்று வைத்திருக்கும் திட்டங்களும் உண்டு. அங்கே அவசரப்பட்டால் இரட்டை நஷ்டம். இதற்கு ஒரே விதி கிடையாது, அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பார்த்துத்தான் முடிவு. உங்கள் பட்டியலில் தள முகவரிக்குப் பக்கத்தில் "எந்தத் தேதியிலிருந்து பணம்", "மறுபடி போடலாமா" என்று இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள், கீற்றுநிழல்.

பிட்டுப்பிட்டு

கணினிப் பக்கம் இருந்து கொஞ்சம். படம் ஏற்றும் இடத்தில்தான் தொண்டர்கள் நேரத்தைத் தொலைப்பார்கள். போனில் எடுத்த படம் சில எம்பி இருக்கும், தளம் 100 கேபிக்குள் கேட்கும். முதலில் ஓரத்தை வெட்டி, அப்புறம் அளவைக் குறையுங்கள். முழுப் படத்தையும் அப்படியே நசுக்கினால் எழுத்து கலங்கிவிடும். ஆவணத்தைச் சாம்பல் நிறத்தில் 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலே பெரும்பாலும் போதும், ஆனால் வண்ண முத்திரை இருந்தால் வண்ணத்தில் எடுங்கள். 35 க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம் 300 டிபிஐயில் 413 க்கு 531 புள்ளி, இதை ஒட்டி வையுங்கள். கோப்பின் பெயரில் `.png` என்பதை `.jpg` என்று மாற்றுவது வடிவத்தை மாற்றாது, தளம் காரணம் சொல்லாமல் மறுக்கும்.

ஏற்றியதும் அதே பக்கத்தில் திறந்து பாருங்கள். தலைகீழாக ஏறியிருப்பதைச் சமர்ப்பித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

இன்னொன்று: வாட்ஸப்பில் அடையாள அட்டைப் படம் வாங்காதீர்கள். படமாக அனுப்பினால் தரம் குறையும், அதைவிட, தொண்டரின் சொந்த போனில் ஊர் முழுக்க உள்ளவர்களின் அட்டை குவிந்து கிடக்கும்.

நாற்று

அப்படியானால் நகலே வைக்கக் கூடாதா? மறுபடி வரும்போது எல்லாவற்றையும் திரும்ப ஸ்கேன் செய்யணுமே. பாட்டி இரண்டாம் முறை பையைக் கொண்டுவர மாட்டாள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிட்டுப்பிட்டு

வைக்கக் கூடாது. ஒரு பென் டிரைவில் போட்டு அவரிடமே கொடுங்கள், மடிக்கணினியில் இருப்பதை அன்றைக்கே அழியுங்கள்.

நாற்று

பென் டிரைவ் வெற்றிலைப் பையில் போய் ஒரு மாதத்தில் காணாமல் போகும். பூட்டிய அலமாரியில் காகித நகல், அவர் சம்மதக் கையெழுத்தோடு, வேலை முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பிட்டுப்பிட்டு

அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் நாலு பேர் கை தூக்குவார்கள். எனக்கு உடன்பாடில்லை.

பழைய எழுத்தர்

இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது, நான் நடுவராகப் போவதில்லை. நகல் இல்லாவிட்டாலும் மேசை நடக்கும், ஆனால் பதிவேடு இல்லாவிட்டால் நடக்காது என்பது மட்டும் நிச்சயம். தடித்த நோட்டு ஒன்று. அடையாள எண்ணோ கணக்கு எண்ணோ அதில் வேண்டாம். பெயர், ஊர், எதற்கு விண்ணப்பம், விண்ணப்ப எண், போட்ட தேதி, செய்தி யார் போனுக்கு வரும், மறுபடி பார்க்கவேண்டிய தேதி. கடைசிப் பத்திதான் உயிர். ஒவ்வொரு வாரமும் மேசை திறந்ததும் புது ஆளைக் கூப்பிடும் முன் அந்தப் பத்தியைப் பார்த்து, அன்றைக்கு யாருடைய நிலையைத் தளத்தில் பார்க்கவேண்டுமோ பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் அவருக்கு போன் போடுங்கள். விண்ணப்பம் போட்டது மட்டும் தெரிந்து, திருப்பி அனுப்பியது தெரியாமல் காத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

அதே விவரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டாக அவரிடமும் கொடுங்கள். விண்ணப்ப எண்ணை நாலு நாலு எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள். பூச்சியமா `O` எழுத்தா, ஒன்றா `I` எழுத்தா என்ற குழப்பம் வராமலிருக்க, கையால் எழுதாமல் ஒப்புகையிலிருந்தே அச்செடுப்பது மேல்.

கீற்றுநிழல்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆளுக்கு இருபது நிமிடம் என்ற கணக்கை விட்டுவிட்டோம். இரண்டு மடிக்கணினியில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த மேசையை வெறும் ஆவணம் பார்க்கும் மேசையாக வைக்கப் போகிறோம், முதல் வருகைக்காரர்கள் எல்லாரும் அங்கே. தட்டச்சுக்கு ஒரு கணினி போதும் போலிருக்கிறது. நகல் விஷயம் எங்கள் நாலு பேருக்குள்ளேயே இரண்டுக்கு இரண்டாக நிற்கிறது.

நடக்கவே முடியாதவர்களுக்காக வீட்டுக்குப் போவது பற்றி யாராவது சொல்ல முடியுமா? மடிக்கணினியோடு போனால் பாதி வீடுகளில் சிக்னல் இருக்காது.

ஓய்வுநாள்

வங்கி விவரம் வாங்கிப் பார்த்தேன். பணம் வரவே இல்லை, திரும்பியும் போகவில்லை. அப்படியானால் அலுவலகத்துக்குத்தானே போகணும்? கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது?

பழைய எழுத்தர்

ஓய்வூதியத்தை அனுமதித்த அலுவலகத்துக்கு. அம்மாவின் ஓய்வூதிய ஆணையில் மேலே இருக்கும் அலுவலகத்தின் பெயர், கீழே கையொப்பமிட்டவரின் பதவிப் பெயர், இரண்டையும் அப்படியே எழுதுங்கள். கைரேகை விழாமல் திருப்பி அனுப்பிய தேதி, மாற்று வழி கேட்கிறீர்கள் என்பது, வங்கி விவரத்தின் நகல், இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவிட்டுத்தான் திரும்பணும்.

நாற்று

கீற்றுநிழல், வீட்டுக்குப் போகும்போது கணினி வேண்டாம். வெள்ளைத் தாளும் ஒரு போனும் போதும். பெயர்களை எழுதிக்கொண்டு, ஆவணங்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் தட்டச்சு செய்யுங்கள். ஆனால் ஓடிபிக்கு அந்த நேரம் அவர் வீட்டில் யாராவது போனை எடுக்கணும், அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். படம் எடுத்த போனைப் பற்றி பிட்டுப்பிட்டு என்ன சொல்வார் என்று தெரியும், நான் அந்தப் பக்கம் போகவில்லை.